பல்கோணத்தில் வளரும் தொகையும் வளராத் தொகையும்

கேத்திர கணிதம் சிறிதேனும் பயின்றோர் யாவரும், ஒரு முக்கோணத்தின் மூன்று உட்கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களாம், அஃதாவது 180 பாகையாம், என்பதை அறிவர். நாற்கோணத்தில் அத்தொகை 360 பாகை, ஐங்கோணத்தில் 540, அறுகோணத்தில் 720. இவ்வாறு ஒரு பக்கம் கூடுந்தோறும் 180 பாகை கூடிக்கொண்டே செல்கின்றது. ஆயிரம் பக்கங்களையுடைய உருவம் ஒன்றை வரையக்கூடுமாயின் அதன் உட்கோணங்களின் தொகை 1,79,640 பாகையாகும். ஆயின் அதே உருவங்களின் வெளிக்கோணங்களைக் கூட்டிப் பார்ப்போமாயின், முக்கோணத்திற்கும் 360 பாகை, ஐங்கோணத்திற்கும் 360, ஆயிரங்கோணத்திற்கும் அதே 360. ஒரு தொகை எல்லையின்றி வளர, மற்றொன்று இருந்தபடியே இருப்பது ஏன்? மாணவர் பலர் இவ்விரண்டனையும் இரு வேறு சூத்திரங்களாக நெட்டுருச் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். உண்மையில் அவை இரண்டும் ஒன்றே என்பதையும், அவற்றுள் எது வேர், எது கிளை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் வெளிக்கோணம் என்பது யாது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். ஒரு மூலைக்கு வெளியே கிடக்கும் இடம் முழுவதும் வெளிக்கோணம் என்று சிலர் கருதுவர். அது தவறு. ஒரு பக்கத்தை அதன் மூலைக்கு அப்பாலும் நேராக நீட்டுக. நீட்டிய கோட்டிற்கும் அடுத்த பக்கத்திற்கும் இடையே உள்ள கோணமே வெளிக்கோணம். ஆகவே ஒரு மூலையின் உட்கோணமும் வெளிக்கோணமும் ஒரே நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து அமைந்து, இரண்டும் சேர்ந்து 180 பாகையாகின்றன. உட்கோணம் 110 பாகையாயின் வெளிக்கோணம் 70 பாகையேயன்றி 250 பாகை அன்று.

இனி உட்கோணங்களைக் கவனிப்போம். ஓர் ஐங்கோணத்தின் உள்ளே யாதேனும் ஒரு புள்ளியைக் குறித்து, அதிலிருந்து ஐந்து மூலைகளுக்கும் கோடுகள் வரைக. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு முக்கோணமாக ஐந்து முக்கோணங்கள் தோன்றும். அவற்றின் கோணங்கள் யாவும் சேர்ந்து ஐந்து முறை 180, அஃதாவது 900 பாகை. இத்தொகையில் ஐங்கோணத்தின் உட்கோணங்கள் அனைத்தும் அடங்கியுள்ளன. அவற்றோடு நடுப்புள்ளியைச் சுற்றி அமைந்த கோணங்களும் சேர்ந்துள்ளன. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்கள் ஒரு முழுச் சுற்று, அஃதாவது 360 பாகை. அதனை நீக்கினால் எஞ்சுவது 540. பக்கங்கள் எத்தனையாயினும் முறை இதுவே: பக்கங்களின் எண்ணை 180ஆல் பெருக்கி, 360ஐக் கழிக்க வேண்டும். பக்கங்களின் எண்ணில் இரண்டைக் குறைத்து 180ஆல் பெருக்குக என்று கூறும் வழக்கமான விதியும் இதுவே.

கிளாஸ்கோ நகரத்துக் கணித ஆசிரியராகிய ராபர்ட் சிம்சன் 1756-ஆம் ஆண்டில் வெளியிட்ட யூக்ளிட் பதிப்பில், முதற் புத்தகத்தின் 32-ஆம் தேற்றத்திற்குக் கிளைத்தேற்றமாக இவ்வுண்மை காணப்படுகின்றது. ஓர் உருவத்தின் உட்கோணங்களோடு நான்கு செங்கோணங்களைக் கூட்டினால், பக்கங்களைப்போல் இரு மடங்கு எண்ணிக்கையுள்ள செங்கோணங்கள் கிடைக்கும் என்பது அதன் கருத்து. அங்கே கூட்டப்படும் அந்த நான்கு செங்கோணங்களை வாசகர் மனத்திற் கொள்வாராக. உட்கோணத் தொகையில் எப்பொழுதும் குறைவாயிருப்பது அதுவே. வெளிக்கோணத் தொகையாக மீண்டும் நம்முன் தோன்றுவதும் அதுவே.

எவ்வாறெனின், ஒவ்வொரு மூலையிலும் உட்கோணமும் வெளிக்கோணமும் சேர்ந்து 180 பாகை என்று கண்டோம். ஐங்கோணத்தின் ஐந்து மூலைகளிலும் சேர்ந்து 900. அதில் உட்கோணங்கள் 540ஐ எடுத்துக்கொள்கின்றன. வெளிக்கோணங்களுக்கு எஞ்சுவது 360. ஒரு மூலை கூடினால் மொத்தத்தில் 180 கூடும். அந்த 180 முழுவதையும் உட்கோணங்களே விழுங்கிவிடும். ஆதலின் வெளிக்கோணங்களுக்கு ஒன்றும் கூடுவதில்லை.

இந்நிரூபணம் பிழையற்றது. எனினும் இது நம்மை இசையச் செய்கின்றதேயன்றிக் காரணத்தைக் கண்முன் நிறுத்தவில்லை. கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், நிரூபணத்தின் இயல்பை ஆராயும் தம் நூலில், இவ்வெளிக்கோண உண்மையையே உதாரணமாக எடுத்துக்கொள்கின்றார். வெளிக்கோணங்கள் நான்கு செங்கோணங்களாவது அவ்வுருவம் இருசமபக்க முக்கோணமாயிருப்பதாலா? அன்று, அது முக்கோணமாயிருப்பதாலா? அதுவும் அன்று, நேர்கோடுகளால் அடைபட்ட உருவமாயிருப்பதாலேயே என்று காணும்பொழுதுதான் காரணம் விளங்கிற்றாகும் என்பது அவர் கருத்து. நாமும் அவ்வழியே பக்கங்களின் எண்ணைச் சார்ந்திராத காரணத்தைத் தேடுவோம்.

ஒரு காகிதத்தில் முக்கோணம் ஒன்றை வெட்டி எடுத்து, அதன் ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுக. மூன்று பக்கங்களையுடைய உருவம் நான்கு பக்கங்களையுடையதாயிற்று. ஒரு மூலை போய் இரண்டு மூலைகள் வந்தன. போன மூலையின் உட்கோணம் 60 பாகை என்று கொள்வோம். அதன் வெளிக்கோணம் 120. நறுக்கி எறிந்த சிறு துண்டும் ஒரு முக்கோணமே. அதன் ஒரு கோணம் அந்த 60. ஏனைய இரண்டும் சேர்ந்து 120. அவ்விரண்டும் 50, 70 என்றிருக்கட்டும். இப்பொழுது புதிய மூலைகளை நோக்குக. அவற்றின் வெளிக்கோணங்கள் துண்டில் இருந்த அந்த 50, 70 பாகைகளே. பழைய வெளிக்கோணம் 120 அழிந்துவிடவில்லை. 50 என்றும் 70 என்றும் இரண்டாகப் பங்கிடப்பட்டது. உட்கோணங்களோ முன்னர் 60 இருந்த இடத்தில் இப்பொழுது 130, 110 என்றாகி 240 ஆயின. கூடியது 180. கத்தரிக்கோலை எந்தச் சாய்வில் வைத்து நறுக்கினாலும் இந்நிலை மாறாது. மூலையை நறுக்குதலால் வெளிக்கோணம் பங்கிடப்படுகின்றதேயன்றிப் பெருகுவதில்லை என்பது இதனாற் புலனாகும்.

பங்கிடப்படும் அப்பொருள் யாது? இதனை அறிய, ஒரு வயலின் எல்லை வழியே நடந்து செல்லும் ஒருவனை நினைத்துக்கொள்வோம். வயல் தன் இடக்கைப் பக்கத்திலிருக்கும்படி அவன் நடக்கின்றான். புறப்படும்பொழுது அவன் முகம் கிழக்கு நோக்கியிருந்தது. முதல் மூலையை அடைந்ததும், திரும்பாமற் சென்றால் நீட்டிய கோட்டின் வழியே வயலைவிட்டு அப்பாற் போய்விடுவான். ஆகவே இடப்புறமாகத் திரும்புகின்றான். எவ்வளவு திரும்புகின்றான்? நீட்டிய கோட்டிலிருந்து அடுத்த பக்கம் வரை. அஃதாவது அம்மூலையின் வெளிக்கோண அளவு. எனவே வெளிக்கோணம் என்பது நடப்பவன் திரும்பும் அளவேயாகும். இவ்வாறு ஒவ்வொரு மூலையிலும் திரும்பி, புறப்பட்ட இடத்தை அடைந்து, அங்கும் திரும்பி நிற்கின்றான். இப்பொழுது அவன் முகம் மீண்டும் கிழக்கு நோக்கியுள்ளது. ஆதலின் அவன் திரும்பிய அளவுகள் யாவும் சேர்ந்து ஒரு முழுச் சுற்றாயின. எத்தனை மூலைகளில் திரும்பினான் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு முழுச் சுற்றை மூன்று பங்காகவும் இடலாம். ஆயிரம் பங்காகவும் இடலாம். பங்குகள் கூடினால் ஒவ்வொரு பங்கும் சிறுத்துப்போகுமேயன்றி முழுமை வளராது. ஆயிரம் பக்கங்களும் ஆயிரம் கோணங்களும் சமமாயுள்ள உருவத்தில் ஒவ்வொரு மூலையிலும் திரும்புவது 0.36 பாகை மட்டுமே. அவ்வுருவம் கண்ணுக்கு வட்டமாகவே தோன்றும்.

இதுவே வேர். உட்கோணத் தொகை இதிலிருந்து கிளைப்பது. ஒவ்வொரு மூலையிலும் 180 பாகையை வைத்து, எல்லா மூலைகளுக்குமாக ஒரு முழுச் சுற்றைக் கழித்தால் உட்கோணத் தொகை வந்துவிடும். மூலைகள் பெருகுவதால் அது பெருகுகின்றது, அவ்வளவே.

இவ்வுண்மையிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவும் கிடைக்கின்றது. எல்லா மூலைகளும் வெளிநோக்கிப் புடைத்துள்ள ஒரு பல்கோணத்தில் 90 பாகைக்குக் குறைந்த குறுங்கோணங்கள் எத்தனை இருக்கலாம்? பக்கங்கள் நூறாயினும் மூன்றுக்கு மேல் இருத்தல் இயலாது. உட்கோணம் குறுங்கோணமாயின் அங்கே திரும்பும் அளவு 90 பாகைக்கு மிகும். அத்தகைய மூலைகள் நான்கு இருப்பின் அவற்றிலேயே திரும்பல் 360ஐக் கடந்துவிடும். உட்கோணத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இதனை ஆராய்வோர் நெடுவழி செல்ல நேரும். திரும்பலை நினைப்பவர்க்கு இது ஒரு வரியில் முடியும்.

எல்லாப் பல்கோணங்களும் இவ்வாறு புடைத்திருப்பதில்லை. சில வயல்களில் ஒரு மூலை உட்புறமாக மடிந்திருக்கும். அம்மூலையின் உட்கோணம் 180 பாகைக்கு மிகுந்தது. நடப்பவன் அங்கே இடப்புறம் திரும்பாது வலப்புறம் திரும்புகின்றான். ஆகவே அத்திரும்பலைக் கழித்தற் குறியோடு எழுத வேண்டும். அவ்வாறு எழுதினால் தொகை மீண்டும் 360 ஆகிவிடும். உட்கோண விதியும் இங்கே பொய்ப்பதில்லை. உள்ளே குறிக்கும் ஒரு புள்ளியிலிருந்து எல்லா மூலைகளுக்கும் கோடு வரைதல் சில வேளை கூடாதெனினும், பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டாத எந்த உருவத்தையும் உள்ளேயே செல்லும் மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரித்துவிடலாம். அம்முக்கோணங்கள் எப்பொழுதும் பக்கங்களின் எண்ணிற்கு இரண்டு குறைவாகவே இருக்கும்.

இத்தேற்றம் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. நிலம் அளப்போர் தம் வேலையில் பிழை நேர்ந்ததா என்று சோதிப்பதற்கு இதனையே முதற் கருவியாகக் கொள்கின்றனர். எல்லைக் கற்கள் ஒவ்வொன்றின் மேலும் தியோடலைட்டுக் கருவியை நிறுத்தி உட்கோணங்களை அளப்பர். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. ஒரு கலை வரை காட்டும் கருவியால் ஆறு மூலைகளையுடைய ஒரு வயலை அளந்து, கீழ்க்கண்டவாறு எழுதினர் என்று வைத்துக்கொள்வோம்:

அ: 92 பாகை 10 கலை
ஆ: 118 பாகை 25 கலை
இ: 104 பாகை 40 கலை
ஈ: 213 பாகை 15 கலை
உ: 71 பாகை 50 கலை
ஊ: 119 பாகை 42 கலை

ஈ என்பது உள்மடிந்த மூலை. இவற்றின் தொகை 720 பாகை 2 கலை. அறுகோணத்திற்கு இருக்க வேண்டியது சரியாக 720 பாகை. இரண்டு கலை மிகுந்துள்ளது. இதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. எந்தக் கருவியும் எந்தக் கண்ணும் முற்றும் சரியாக அளப்பதில்லை. கருவி காட்டும் மிகச் சிறிய அளவை மூலைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தாற் பெருக்கி வருவதைப் பிழைக்கு எல்லையாகக் கொள்வது வழக்கங்களுள் ஒன்று. ஆறின் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.45, ஆகவே இங்கே எல்லை சுமார் இரண்டரைக் கலை. நேர்ந்த பிழை அதற்குள் அடங்கியிருத்தலின், அதனை ஆறு மூலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் 20 விகலையைக் குறைப்பர். அதன்பின் திரும்பல்களைக் கணக்கிட்டால், அ, ஆ, இ என்னும் மூலைகளில் முறையே 87 பாகை 50 கலை 20 விகலை, 61 பாகை 35 கலை 20 விகலை, 75 பாகை 20 கலை 20 விகலை. உ, ஊ என்பவற்றில் 108 பாகை 10 கலை 20 விகலை, 60 பாகை 18 கலை 20 விகலை. இவ்வைந்தும் இடப்புறத் திரும்பல்கள். இவற்றின் தொகை 393 பாகை 14 கலை 40 விகலை. ஈ என்னும் மூலையில் வலப்புறமாகத் திரும்பியது 33 பாகை 14 கலை 40 விகலை. அதனைக் கழித்தால் எஞ்சுவது 360 பாகை. ஒரு விகலையும் கூடவில்லை, குறையவில்லை.

இனி வேறொரு பிழையைப் பார்ப்போம். எழுதுவோர் கவனக் குறைவால், ஈ என்னும் மூலையில் வயலின் உட்புறக் கோணத்தை விடுத்து, வெளிப்புறமாக அளந்த 146 பாகை 45 கலையை எழுதிவிட்டார் என்போம். தொகை 653 பாகை 32 கலையே வரும். 720க்கு 66 பாகை 28 கலை குறைவு. இது கருவியின் பிழையன்று என்பது பார்த்தவுடன் விளங்கும். எந்த மூலையில் நேர்ந்தது என்பதையும் வீட்டிலிருந்தபடியே கண்டுபிடிக்கலாம். இடப்புறம் திரும்பியதாகத் தவறாகக் கொண்டது உண்மையில் வலப்புறத் திரும்பல். ஆதலின் குறைவு அத்திரும்பலைப்போல் இரு மடங்காக இருக்கும். குறைவிற் பாதி 33 பாகை 14 கலை. எழுதிய கோணங்களுள் 180க்கு ஏறக்குறைய அவ்வளவே குறைந்திருப்பது எது என்று தேடினால், 146 பாகை 45 கலை ஒன்றே அகப்படும். மீண்டும் வயலுக்குச் சென்று ஆறு மூலைகளையும் அளக்க வேண்டுவதில்லை. அந்த ஒரு கல்லைப் பார்த்தாற் போதும்.

ஆயினும் இச்சோதனைக்கு ஓர் எல்லையுண்டு. நடப்பவன் புறப்பட்ட திசையையே மீண்டும் நோக்கினான் என்பதை இது காட்டும். புறப்பட்ட இடத்தையே அடைந்தான் என்பதைக் காட்டாது. பக்கங்களின் நீளம் நம் நிரூபணத்தில் எங்கும் புகவில்லை என்பதை நினைவு கூர்க. ஒரு பக்கத்தின் நீளத்தை நூறு அடி தவறாக எழுதினாலும் கோணங்களின் தொகை சரியாகவே வரும். அன்றியும் ஒரு மூலையில் ஐந்து கலை மிகவும், மற்றொரு மூலையில் ஐந்து கலை குறையவும் அளந்திருந்தால் அவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஆகவே தொகை தவறாயின் அளவை தவறென்பது உறுதி. தொகை சரியாயின் அளவையும் சரியென்பது உறுதியன்று. இடத்தைச் சோதிக்க, ஒவ்வொரு பக்கமும் வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு செல்கின்றதென்று கணக்கிட்டு, போனதும் வந்ததும் சமமாகின்றனவா என்று தனியே பார்க்க வேண்டும்.

தேற்றத்திற்கே உரிய எல்லைகளும் இரண்டு உள. முதலாவது, பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டுதல் கூடாது. ஐந்து முனைகளையுடைய விண்மீன் உருவத்தைக் கை எடுக்காமல் ஐந்து கோடுகளால் வரைகின்றோம் அன்றோ? ஒழுங்காக வரைந்தால் அதன் ஒவ்வொரு முனையும் 36 பாகை, திரும்பல் 144. ஐந்து முனைகளிலும் சேர்ந்து 720. அதாவது வரைபவன் கை ஒரு முறையன்று, இரு முறை முழுச் சுற்றுச் சுற்றிவிடுகின்றது. இங்கும் முடிவில் பழைய திசையே வருதலின் தொகை முழுச் சுற்றுகளாகவே உள்ளது. ஒன்று என்னும் எண்ணிக்கைதான் மாறியது. வெளிக்கோணத்தைத் திரும்பலாக அறிந்தவர்க்கு இது விதிவிலக்காகத் தோன்றாது.

இரண்டாவது, உருவம் சமதளத்தின் மேல் இருத்தல் வேண்டும். பூமியோ உருண்டை. வடதுருவத்திலிருந்து ஒருவன் நேர் தெற்கே பூமத்திய ரேகை வரை வந்து, இடப்புறமாக 90 பாகை திரும்பி, அவ்வழியே கிழக்கு நோக்கிப் பூமியின் சுற்றளவில் காற்பங்கு சென்று, மீண்டும் 90 பாகை இடப்புறம் திரும்பி வடக்கே போனால், புறப்பட்ட துருவத்தையே அடைவான். அங்கே முதலில் நோக்கிய திசைக்குத் திரும்ப இன்னும் 90 பாகை. மூன்று திரும்பல்களும் சேர்ந்து 270 பாகையே. முழுச் சுற்றுக்கு 90 குறைவு. அம்முக்கோணத்தின் உட்கோணங்களும் 270 ஆகி, 180க்கு அதே 90 மிகுந்துள்ளன. அடைபட்ட பரப்பு சிறிதாகச் சிறிதாக இவ்வேறுபாடும் சிறுத்துப்போகும். பூமியின் மேல் சுமார் 196 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புக்கு ஒரு விகலையே மிகும். ஆதலின் வயல் அளப்போர் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவையில், குன்றிலிருந்து குன்றுக்குச் செல்லும் நீண்ட பக்கங்களையுடைய முக்கோணங்கள் அமைந்தன. பக்கம் ஒவ்வொன்றும் 50 கிலோமீட்டராயுள்ள முக்கோணத்தில் கோணங்கள் 180 பாகைக்கு ஐந்தரை விகலையளவு மிகும். நுண்ணிய கருவி கொண்டு அளப்போர் அதனையும் கணக்கிற் சேர்த்த பின்னரே, எஞ்சியதைத் தம் பிழையென்று கொள்ளுதல் வேண்டும்.

எனவே சமதளத்தில், பக்கங்கள் வெட்டிக்கொள்ளாத எந்த உருவத்தின் எல்லையைச் சுற்றி வந்தாலும் நாம் திரும்புவது ஒரே முழுச் சுற்று. மூலைகள் அதனைத் தம்முள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐயமுறுவோர் ஒரு பல்கோணத்தைத் தாளில் வரைந்து, ஒரு பென்சிலை முதற் பக்கத்தின் மேல் வைத்து, மூலைதோறும் அடுத்த பக்கத்தோடு பொருந்துமாறு திருப்பிக்கொண்டே செல்க. முதற் பக்கத்திற்கு மீண்டபொழுது பென்சிலின் முனை முன்பு நோக்கிய திசையையே நோக்கும். இடையே அது ஒருமுறை முழுதும் சுழன்றிருக்கும்.